எடுத்து மாற்றி எழுதிய நிரலுக்கு கிரெடிட்: அசைன்மென்டில் எதை, எங்கே, எப்படிச் சொல்வது

நிரலாக்க வகுப்புகளில் இந்தக் குழப்பம் இரண்டு விதமாக வருகிறது. ஒரு மாணவர் ஃபோரம் பதில் ஒன்றிலிருந்து ஒரு ஃபங்ஷனை எடுத்து, அதற்கு மேலே லிங்க்கும் போட்டிருக்கிறார். அப்படியும் மதிப்பெண் போய்விடுகிறது. இன்னொருவர் அதே பதிலை எடுத்து ஒரு வரி விடாமல் மாற்றிவிட்டு, "இது இப்போது என் நிரல்தானே, லிங்க் எதற்கு?" என்று கேட்கிறார்.

இரண்டுக்கும் விடை ஒன்றுதான். மதிப்பெண் போடுபவருக்கு இதில் உங்கள் வேலை எது, பிறர் வேலை எது என்று பிரித்துக் காட்டுவதற்காகத்தான் கிரெடிட். அந்தப் பிரிப்பு தெளிவாக இருந்தால் கிரெடிட் சரியாக இருக்கிறது. ஆனால் பிரித்துக் காட்டிய பிறகு "உங்கள் வேலை" என்று சொல்ல ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், கிரெடிட் எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

## எடுத்துக்காட்டு: ஒருவர் எவ்வளவு நேரம் ஆன்லைனில் இருந்தார்?

அசைன்மென்ட் இது: ஒரு லாக் ஃபைலில் பயனர் பெயர், நுழைந்த நேரம், வெளியேறிய நேரம் என்று வரிவரியாக இருக்கிறது. ஒவ்வொரு பயனரும் மொத்தம் எவ்வளவு நேரம் ஆன்லைனில் இருந்தார் என்று கணக்கிட வேண்டும்.

கேட்கச் சுலபம். ஆனால் ஒருவர் ஒரே நேரத்தில் கணினியிலும் ஃபோனிலும் நுழைந்திருக்கலாம். 9:00 முதல் 10:00 வரை ஒன்று, 9:30 முதல் 10:30 வரை ஒன்று, 12:00 முதல் 12:15 வரை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியே கூட்டினால் 135 நிமிடம் வரும். உண்மையில் அவர் இருந்தது 105 நிமிடம்தான், ஏனென்றால் 9:30 முதல் 10:00 வரையிலான அரை மணி நேரம் இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. ஆக, ஒன்றன்மேல் ஒன்று விழும் இடைவெளிகளை முதலில் ஒன்றாக்க வேண்டும்.

இங்கேதான் மாணவர் தேடப் போகிறார். ஃபோரம் பதில் ஒன்றில் இப்படி ஒரு ஃபங்ஷன் கிடைக்கிறது என்று கொள்வோம்:

```python
def merge(intervals):
    intervals.sort(key=lambda x: x[0])
    out = [intervals[0]]
    for s, e in intervals[1:]:
        if s <= out[-1][1]:
            out[-1][1] = max(out[-1][1], e)
        else:
            out.append([s, e])
    return out
```

இதை அப்படியே ஒட்டினால் சில இடங்களில் உதைக்கும். காலிப் பட்டியல் வந்தால் `intervals[0]` என்ற இடத்திலேயே `IndexError`. இடைவெளிகளை டியூப்பிளாக வைத்திருந்து, அவற்றில் இரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், `out[-1][1] = ...` என்ற வரியில் `TypeError`. அதோடு, `intervals.sort` அனுப்பியவருடைய பட்டியலையே வரிசை மாற்றிவிடும். மாணவர் இவற்றைக் கவனித்து, தமக்குத் தேவையான மொத்த நேரத்தை மட்டும் திருப்பித் தரும்படி மாற்றி எழுதுகிறார்:

```python
def online_seconds(sessions):
    if not sessions:
        return 0
    total = 0
    ordered = sorted(sessions)
    cur_start, cur_end = ordered[0]
    for start, end in ordered[1:]:
        if start <= cur_end:
            cur_end = max(cur_end, end)
        else:
            total += cur_end - cur_start
            cur_start, cur_end = start, end
    return total + cur_end - cur_start
```

ஃபங்ஷனின் பெயர் வேறு, உள்ளே வருவது வேறு, வெளியே போவது வேறு. `else:` தவிர, முழுதாக அப்படியே தங்கிய வரி என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. இதற்கு கிரெடிட் வேண்டுமா?

வேண்டும். "தொடங்கும் நேரப்படி வரிசைப்படுத்து, பிறகு ஒரே ஒரு முறை நடந்து போ, அடுத்தது முந்தையதன் முடிவுக்குள் தொடங்கினால் நீட்டு, இல்லையென்றால் புதிதாகத் தொடங்கு" என்பதுதான் இந்த நிரலின் உயிர். அது அந்தப் பதிலிலிருந்து வந்தது. மாணவர் செய்தது பழுதுபார்ப்பும் வடிவ மாற்றமும். அதுவும் வேலைதான், அதைத் தம் கணக்கில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வழியைக் கண்டுபிடித்தவர் வேறொருவர். ஜாவாவில் இருந்த பதிலைப் பைத்தானுக்கு மாற்றி எழுதினாலும் இதே நிலைதான்.

## மூன்று நிலைகள், மூன்று விதமான குறிப்பு

எவ்வளவு எடுத்தோம் என்பதைப் பொறுத்து, சொல்ல வேண்டியதும் மாறுகிறது.

1. அப்படியே எடுத்தது. வரிகள் மாறவில்லை, அல்லது பெயர்கள் மட்டும் மாறியிருக்கின்றன. குறிப்பில் "எடுத்தது" என்று எழுதி, எந்த வரியில் தொடங்கி எந்த வரியில் முடிகிறது என்று காட்ட வேண்டும்.

2. தழுவியது. மேலே பார்த்தது இந்த வகை. எங்கிருந்து எடுத்தோம் என்பதோடு, என்ன மாற்றினோம் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான். விட்டால் நஷ்டம் அவர்களுக்கே: முழுவதும் பிறர் வேலை என்று படிக்கப்படும்.

3. யோசனை மட்டும். டுடோரியலைப் படித்துப் புரிந்துகொண்டு, பக்கத்தை மூடிவிட்டு, வெற்றுத் திரையில் சொந்தமாக எழுதியது. அல்காரிதத்துக்கு ஒரு வரிக் குறிப்பு போதும்: "இந்த அணுகுமுறையை இந்த டுடோரியலில் கற்றேன்."

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவேதான் சண்டை வரும். எளிய சோதனை ஒன்று உண்டு: எழுதும்போது அந்தப் பக்கம் இன்னொரு விண்டோவில் திறந்திருந்ததா? திறந்திருந்தால் அது தழுவல்தான் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

எதற்கு கிரெடிட் தேவையில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கமென்ட்களே ஃபைலை மூடிவிடும். `with open(...)` என்று ஃபைல் திறப்பது, `sorted` எப்படி வேலை செய்கிறது என்று ஆவணத்தில் பார்ப்பது, விநாடிகளை `divmod(seconds, 3600)` என்று மணிக்கணக்காக மாற்றுவது எல்லாம் மொழியின் பொதுச் சொத்து. யார் எழுதினாலும் அப்படித்தான் வரும். ஒரு பிழைச் செய்தியைத் தேடி, "அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கிறது" என்று தெரிந்துகொண்டதற்கும் குறிப்பு எழுத வேண்டியதில்லை.

## நல்ல குறிப்பில் என்ன இருக்கும்?

நம் எடுத்துக்காட்டுக்கு ஒரு குறிப்பு:

```python
# தழுவியது: https://stackoverflow.com/a/<பதில்-எண்>
#   எழுதியவர்: <தளத்தில் உள்ள பெயர்>, பார்த்த நாள்: <நாள்>
# எடுத்தது: வரிசைப்படுத்தி ஒரே நடையில் ஒன்றாக்கும் முறை
# நான் மாற்றியது: காலிப் பட்டியல், டியூப்பிள் ஆதரவு,
#   பட்டியலுக்குப் பதில் மொத்த விநாடிகள்
def online_seconds(sessions):
```

இதில் லிங்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உலாவியின் மேலே உள்ள முகவரியை நகலெடுத்தால், பெரும்பாலும் அது கேள்வியின் முகவரி. ஒரு கேள்விக்கு இருபது பதில் இருக்கலாம். நீங்கள் எடுத்தது எது என்று யாருக்குத் தெரியும்? ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒவ்வொரு பதிலின் அடியிலும் `Share` என்று இருக்கிறது. அதைத் தட்டினால் `/a/` என்று வரும் பதிலின் சொந்த முகவரி கிடைக்கும். நீங்கள் லாகின் செய்திருந்தால் கடைசியில் உங்கள் பயனர் எண்ணும் ஒட்டிக்கொண்டு வரும், அதை நீக்கிவிடலாம்.

பார்த்த நாள் எதற்கு? பதில்கள் திருத்தப்படுகின்றன. இதற்கு ஒரு பிரபலமான கதை உண்டு. ஃபைல் அளவை பைட்டிலிருந்து படிக்கச் சுலபமான வடிவத்துக்கு மாற்றும் ஒரு ஜாவா நிரல்துண்டு, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலேயே மிக அதிகமாக நகலெடுக்கப்பட்டது என்று பெயர் வாங்கியது. 2010-இல் எழுதப்பட்ட அதில் ஒரு பிழை இருப்பதாக எழுதியவரே 2019-இல் விளக்கினார்: 999,999 பைட்டுகளுக்கு `1.0 MB` என்று காட்ட வேண்டிய இடத்தில் `1000.0 kB` என்று காட்டும். பதிலைத் திருத்தினார். ஆனால் அதற்கு முன் நகலெடுத்தவர்களிடம் பழையதுதான் இருக்கும். நாளைக் குறித்திருந்தால், மதிப்பிடுபவர் பதிலின் திருத்த வரலாற்றில் அந்த நாளைய வடிவத்தைப் பார்த்துக்கொள்ள முடியும். இல்லையென்றால் "லிங்க்கில் இருப்பது வேறு, நீ எழுதியிருப்பது வேறு" என்று வீண் வாக்குவாதம்.

வீடியோ டுடோரியல் என்றால், எத்தனையாவது நிமிடம் என்று சேர்த்துக் கொடுங்கள். ஒரு மணி நேர வீடியோவின் லிங்க்கை மட்டும் கொடுப்பது கொடுக்காததற்குச் சமம்.

குறிப்பு நிற்கும் இடமும் முக்கியம். ஃபங்ஷனுக்கு நேர் மேலே வைப்பது சரி. ஃபைலின் தலையில் "சில பகுதிகள் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டவை" என்று பொதுவாக எழுதுவது எதையும் பிரித்துக் காட்டவில்லை; படிப்பவர் எல்லாவற்றையும் சந்தேகிக்கத்தான் அது உதவும்.

கிட் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. எடுத்த நிரலை ஒரு எழுத்துகூட மாற்றாமல் முதலில் தனியாக கமிட் செய்யுங்கள்; கமிட் செய்தியில் லிங்க்கைப் போடுங்கள். அப்புறம் உங்கள் மாற்றங்களை அடுத்தடுத்த கமிட்களில் செய்யுங்கள். பிறகு அந்த முதல் கமிட்டின் எண்ணைச் சேர்த்து `git diff` கொடுத்தால், உங்கள் வேலை எது என்பது தானாகவே வரிவரியாகத் தெரியும். எந்தக் கமென்டும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. ஆனாலும் கமென்ட் இருக்கட்டும். ஃபைலை மட்டும் பார்ப்பவர்கள் அதிகம்.

## பெயரை மாற்றினால் தெரியாது என்பது ஏன் தவறு?

ஒப்புமை பார்க்கும் மென்பொருள்கள் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதில்லை. பல்கலைக்கழகங்களில் பரவலாகப் பயன்படும் மாஸ் என்ற கருவியை அலெக்ஸ் ஐக்கன் 1994-இல் உருவாக்கினார். அது செய்வது சுருக்கமாக இவ்வளவுதான். முதலில் இடைவெளி, வேரியபிள் பெயர் போன்ற மேல்பூச்சுகளை நீக்கிவிடுகிறது. மிஞ்சியதைக் குறிப்பிட்ட நீளமுள்ள, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைக் கணக்கிடுகிறது. அந்த எண்களில் சிலவற்றை மட்டும் விரல்ரேகை போலத் தேர்ந்து வைத்துக்கொள்கிறது. இரண்டு ஃபைல்களில் ஒரே ரேகைகள் நிறைய இருந்தால் காட்டிக்கொடுக்கிறது. எந்த எண்களைத் தேர்வது என்ற விதி 2003-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் விளக்கப்பட்டது. குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் பொருந்தும் எந்தப் பகுதியும் தப்பாது என்பது அந்த விதி தரும் உத்தரவாதம். ஃபங்ஷன்களின் வரிசையை மாற்றி வைத்தாலும் ரேகைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

மாணவர்கள் அதிகம் யோசிக்காத ஒன்று இதில் இருக்கிறது. இந்தக் கருவிகளின் முக்கிய வேலை, வகுப்பில் சமர்ப்பித்தவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு மாணவர்கள் ஒரே ஃபோரம் பதிலிலிருந்து எடுத்திருந்தால், கருவிக்கு அவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது போலத்தான் தெரியும். இருவரும் கிரெடிட் கொடுத்திருந்தால் விஷயம் ஒரே நிமிடத்தில் முடியும்: பொது மூலம் எது என்று கண்ணெதிரே இருக்கிறது. ஒருவர் மட்டும் கொடுத்திருந்தால், கொடுக்காதவர் பாடு கஷ்டம்.

பலர் எடுத்த துண்டு தானாகவே விடுபட்டுவிடுமே என்று நம்பியிருக்கவும் முடியாது. பத்துக்கும் மேற்பட்ட சமர்ப்பிப்புகளில் வரும் பகுதியை மாஸ் வழக்கமான அமைப்பில் புறக்கணித்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஆசிரியர் அந்த எண்ணை `-m` என்ற தேர்வால் மாற்றிக்கொள்ளலாம்.

மேலே மாணவர் எழுதிய `online_seconds`-ஐ மாஸ் பிடிக்குமா? பிடிக்காமல் போக வாய்ப்பு அதிகம். அமைப்பு அவ்வளவு மாறிவிட்டது. ஆனால் கருவி சொல்வது "இவை ஒத்திருக்கின்றன" என்பதை மட்டுமே. திருட்டா இல்லையா என்ற தீர்ப்பை அது தருவதில்லை. கிரெடிட் வேண்டுமா என்ற கேள்விக்கு நிரல் எங்கிருந்து வந்தது என்பதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

## லிங்க் கொடுத்தும் மதிப்பெண் ஏன் போகிறது?

முதல் மாணவரிடம் திரும்புவோம். ஒரே `online_seconds`, ஒரே குறிப்பு. அதை இரண்டு வேறு பாடங்களில் சமர்ப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஃபைல் படிப்பதும் டிக்‌ஷனரியும் சொல்லிக்கொடுக்கும் அறிமுகப் பாடம். லாக் வரியைப் பிரித்தது, பயனர்வாரியாகச் சேர்த்தது, தவறான வரிகளைச் சமாளித்தது எல்லாம் மாணவர் வேலை. இடைவெளிகளை ஒன்றாக்குவது துணைக் கருவி. கிரெடிட்டோடு சேர்த்து இது பெரும்பாலும் ஏற்கப்படும்.

இரண்டாவது, அல்காரிதம் பாடம். "ஒன்றன்மேல் ஒன்று விழும் இடைவெளிகளை ஒன்றாக்க வழி காணுங்கள்" என்பதுதான் கேள்வி. இங்கே எடுத்த பகுதியே விடை. கிரெடிட் இருப்பதால் இது ஏமாற்று இல்லை. ஆனால் மதிப்பெண் போட மாணவர் வேலை என்று எதுவும் மிஞ்சவில்லை. கடுமையான பாடமாக இருந்தால் விடையைத் தேடியதே விதிமீறல்.

ஹார்வர்டின் `CS50` பாடத்தின் விதி இதைத் தெளிவாகவே பிரிக்கிறது: இணையத்தில் கிடைத்த சில வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம், அவை கொடுக்கப்பட்ட கணக்கின் விடையாக இருக்கக் கூடாது, மூலத்தைக் குறிப்பிட வேண்டும். வெளி நிரலை முழுவதுமாகத் தடுக்கும் பாடங்களும் உண்டு. அங்கே நேர்மையான கமென்ட் என்பது விதியை மீறியதற்கு நீங்களே எழுதித் தரும் வாக்குமூலம். ஆகவே நிரலைத் தேடும் முன் பாடத்தின் விதியைப் படிக்க வேண்டும். விதி மழுப்பலாக இருந்தால் ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது: "இடைவெளிகளை ஒன்றாக்கும் ஃபங்ஷனை மூலம் குறிப்பிட்டு எடுத்துக்கொள்ளலாமா?" இவ்வளவு குறிப்பாகக் கேட்டால் குறிப்பான பதில் வரும்.

## லைசென்ஸ் தனி விஷயம்

"அது இலவச நிரல், யாரும் பயன்படுத்தலாம்" என்ற வாதம் அடிக்கடி வரும். பயன்படுத்தும் உரிமையும் பாடத்தின் நேர்மை விதியும் இரண்டு வேறு கணக்குகள். பெயரே குறிப்பிட வேண்டாம் என்று எழுதியவர் விட்டுக்கொடுத்த நிரலாக இருந்தாலும், அசைன்மென்டில் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

லைசென்ஸ் கணக்கு பெரிதாவது அசைன்மென்டைப் பொதுவெளியில் வைக்கும்போது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதில்கள் `CC BY-SA` என்ற உரிமத்தில் வருகின்றன. ஏப்ரல் 8, 2011-க்கு முன் எழுதியவை 2.5, அதிலிருந்து மே 2, 2018-க்கு முன் வரை 3.0, அதற்குப் பிறகு 4.0. எழுதியவரைக் குறிப்பிடுவது, மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்வது, தழுவலை அதே உரிமத்தில் தருவது ஆகியவை இதன் நிபந்தனைகள். உங்கள் ரெப்போவுக்கு எம்ஐடி உரிமம் என்று போட்டுவிட்டால் எடுத்த துண்டும் எம்ஐடி ஆகிவிடாது. அந்தப் பகுதிக்குத் தனியாக உரிமத்தைக் குறிப்பிட வேண்டும், அல்லது அந்த ஒரு ஃபங்ஷனை நீங்களே புதிதாக எழுத வேண்டும்.

## வைவாவில் கேட்கப்படுவது

கிரெடிட் கொடுத்த பகுதியிலிருந்துதான் கேள்வி வரும் என்று எதிர்பார்த்துப் போகலாம். நம் ஃபங்ஷனில் இரண்டு இடங்கள் அதற்கென்றே அமைந்தவை.

`max` எதற்கு? 9:00 முதல் 12:00 வரை ஒன்று, அதற்குள்ளேயே 10:00 முதல் 11:00 வரை இன்னொன்று என்று கொடுத்துப் பாருங்கள். `max` இல்லாமல் `cur_end = end` என்று எழுதியிருந்தால், முடிவு 12:00-இலிருந்து 11:00-க்குப் பின்வாங்கும். ஒரு மணி நேரம் காணாமல் போகும்.

`<=` ஏன், `<` போதாதா? மொத்த நேரத்துக்குப் போதும். 10:00-இல் முடிந்ததும் 10:00-இல் தொடங்கியதும் தனித்தனியாக நின்றாலும் கூட்டுத்தொகை மாறாது. "எத்தனை தனித்தனித் தொடர்ச்சிகள்" என்று எண்ணினால்தான் வித்தியாசம் வரும். ஃபோரம் பதில் பட்டியலைத் திருப்பித் தருவதால் அங்கே `<=` பொருளுள்ளது. மாணவரின் வடிவத்தில் அது எப்படி இருந்தாலும் ஒன்றுதான். இதைச் சொல்லத் தெரிந்த மாணவர் தழுவியதைப் புரிந்துதான் தழுவியிருக்கிறார் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

## சமர்ப்பித்த பிறகு நினைவு வந்தால்

குறிப்பு எழுத மறந்தே போய்விட்டது, ஃபைலும் போய்விட்டது. ஒப்புமை அறிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள். எந்த ஃபைல், எந்த ஃபங்ஷன், எந்த லிங்க், என்ன மாற்றினேன் என்ற நான்கையும் சுருக்கமாக எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். `CS50` இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது: தவறு செய்த மாணவர் 72 மணி நேரத்துக்குள் தாமாகவே வந்து சொன்னால், அந்த அசைன்மென்டின் மதிப்பெண் போகலாம், ஆனால் திரும்பத் திரும்பச் செய்தால் ஒழிய, விவகாரம் மேல் நடவடிக்கைக்குப் போகாது. உங்கள் பாடத்தில் அப்படி ஒரு விதி எழுதப்பட்டிருக்காமல் இருக்கலாம். அப்போதும், நீங்களாக அனுப்பிய மடலின் தேதி அறிக்கையின் தேதிக்கு முந்தியதாக இருப்பது உங்கள் பக்கம் நிற்கும்.